ஆயிரம் காய் வாங்கினால் விற்பதற்கு எத்தனை?

தேங்காய் வியாபாரத்தில் வாங்கும்போது எண்ணுவது ஒன்று, விற்கும்போது எண்ணுவது வேறு. தோப்பில் ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று விலை பேசப்படுகிறது. கடையில் ஒவ்வொரு காயாக விலை போகிறது. தோப்பில் எண்ணப்படுவது மட்டையோடு கிடக்கும் காய். கடையில் காசாவது மட்டை உரிக்கப்பட்டு, ஓடு விண்டுபோகாமல், உள்ளே பருப்பும் நீரும் கெடாமல் இருக்கும் காய். இந்த இரண்டு எண்ணிக்கைகளுக்கும் நடுவே எத்தனை காய் கழிகிறது என்பதைப் பொறுத்தே லாபம் நிற்கிறது.

ஆயிரம் காய் 18,000 ரூபாய்க்கு வாங்கி, காய் 25 ரூபாய்க்கு விற்றால் என்ன லாபம்? காய்க்கு 7 ரூபாய், ஆயிரத்துக்கு 7,000 ரூபாய் என்று சொல்லிவிடலாம். வியாபாரத்துக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இதே விலையில் நடக்கும் வியாபாரத்தில் கைக்கு வருவது ஏறத்தாழ அதில் பாதிதான். மீதி எங்கே போகிறது என்பதைத் தோப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரமும், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரமும் தேங்காய்க்குப் பேர்போனவை. பாளை விரிந்து பதினொன்று, பன்னிரண்டு மாதத்தில் காய் முற்றும். ஒரு மரத்தில் ஆண்டு முழுவதும் குலைகள் அடுத்தடுத்து இருப்பதால், நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாளுக்கு ஒருமுறை வெட்டு நடக்கிறது. வெட்டிய காயைத் தோப்பிலேயே குவித்துப் போட்டு, வியாபாரியை வைத்து எண்ணுகிறார்கள். எண்ணும்போதே முதல் பேரம் முடிந்துவிடும். மிகச் சிறிய காய்களை இரண்டுக்கு ஒன்று என்று எண்ணுவது பல ஊர்களில் வழக்கம். வெளியே தெரியும் அழுகலும், எலியோ அணிலோ கடித்த காயும் ஒதுக்கப்படும். இவை தவிர, எண்ணிக்கைக்கு மேல் ‘லாபக்காய்’ என்று சில காய்களை விலையில்லாமல் சேர்த்து வாங்கும் பழக்கமும் உண்டு. இது நியாயமா என்பது தோப்புக்காரருக்கும் வியாபாரிக்கும் இடையே ஓயாத வழக்கு. அதற்கும் கணக்கில் விடை இருக்கிறது. அது பின்னால் வரும்.

குவியலாகக் கிடக்கும்போது எல்லாக் காயும் ஒன்றுபோலத்தான் தெரியும். மட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது உரித்த பிறகுதான் தெரியும். முற்றிய காய் ஒரு கிலோ எடை இருந்தால், அதில் ஏறத்தாழ 350 கிராம் மட்டை, 120 கிராம் ஓடு, 280 கிராம் பருப்பு, மிச்சம் நீர். அதாவது எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மட்டையே. அடைக்கும் இடத்தைப் பார்த்தால் மட்டையின் பங்கு இன்னும் அதிகம். அதனால் தொலைவுக்குப் போகும் காயைப் பெரும்பாலும் தோப்பிலோ தோப்புக்குப் பக்கத்துக் களத்திலோ உரித்தே வண்டியில் ஏற்றுகிறார்கள். மட்டையோடு ஏற்றினால் வண்டி வாடகையில் பெரும்பகுதி மட்டையைச் சுமப்பதற்கே போய்விடும்.

உரிப்பது பார்வைக்கு எளிதாக இருக்கும். கூர்முனை மேலே தெரியும்படி தரையில் நட்ட இரும்புக் கம்பியில் காயைக் குத்தி, திருகி, மட்டையை மூன்று நான்கு பாளமாகப் பிரித்து எடுக்கிறார்கள். கை தேர்ந்தவர் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேல் உரித்துவிடுவார். குத்து ஆழமாக இறங்கினால் கம்பி முனை ஓட்டில் பட்டு, காய் அங்கேயே விண்டுவிடும். காய் சிறுத்து, மட்டை இறுகியிருந்தால் இது அதிகமாக நடக்கும். 1990களின் கடைசியில் தென்னிந்தியாவில் பரவிய ஈரியோபைட் சிலந்தி தாக்கிய காய்கள் இப்படிப்பட்டவை. அவற்றின் மேல்தோல் பழுப்பாகி, நீளவாக்கில் வெடித்திருக்கும். நார் இறுகிப்போயிருப்பதால் உரிப்பவர் கூடுதல் வலுக்கொடுத்துக் குத்த வேண்டியிருக்கும். வெளித்தோலில் இந்தத் தழும்பு நிறைந்த குவியலை வாங்கும்போது, காய் சிறுத்திருப்பதை மட்டும் பார்த்து விலை குறைத்துக் கேட்டால் போதாது. உரிப்பில் உடையும் காயையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

உரிக்கும்போது வெளிப்படும் இன்னொரு கழிவு ஒல்லிக்காய். வெளியே முழுக்காய் போலவே இருக்கும். உள்ளே ஓடு சிறுத்தோ உருக்குலைந்தோ, பருப்பே இல்லாமலோ இருக்கும். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காதது, வறட்சி, மண்ணில் போரான், பொட்டாஷ் போன்ற சத்துகள் குறைவது ஆகியவை இதற்குக் காரணம். எடையைக் கையில் தூக்கிப் பார்த்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். குலுக்கினால் நீர் அலம்பும் ஓசை இருக்காது. ஆனால் புதிதாக வெட்டிய காயில் நீர் நிறைந்திருப்பதால் நல்ல காயும் அவ்வளவாக அலம்பாது என்பதை மறந்துவிடக் கூடாது. மட்டை ஈரமாக இருக்கும்போது எடையும் ஏமாற்றும். நம்பத்தக்க வழி, குவியலின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் அடி, நடு, ஓரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சில காய்களை எடுத்து உரித்துப் பார்ப்பதுதான். எத்தனை காய் பார்ப்பது என்பதும் முக்கியம். ஆயிரத்தில் 22 ஒல்லிக்காய் இருக்கும் குவியலில் 50 காயை உரித்துப் பார்த்தால், மூன்று தடவைக்கு ஒரு தடவை ஒன்றுகூடக் கண்ணில் படாது. 100 காய் பார்த்தால் அப்படித் தப்புவது பத்தில் ஒரு தடவையாகக் குறையும். மேலாக நாலு காயைத் தட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுவது பார்க்காமலே பேசுவதற்குச் சமம்.

உரித்த காயின் தலையில் மூன்று கண்ணையும் மூடியபடி கொஞ்சம் நாரை விட்டுவைப்பார்கள். இதுதான் குடுமி. பூசைக்குக் குடுமியோடுள்ள காய் வேண்டும் என்பது ஒரு காரணம். வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. மூன்று கண்களில் ஒன்று மெல்லியது. முளை வெளியே வருவது அதன் வழியாகத்தான். காற்றும் பூஞ்சையும் உள்ளே நுழைவதும் அதே வழியில்தான். குடுமி பறிபோன காய் சில நாளில் கண் பக்கம் கசிந்து, புளித்த வாடை அடிக்கத் தொடங்கும். உரிக்கும் கூலியில் பத்துப் பைசா மிச்சம் பிடிக்க அவசரக்காரரை அமர்த்தினால், குடுமியில்லாத காய்களாக அந்த மிச்சம் திரும்பிப் போய்விடும்.

அடுத்தது விண்டு போகும் காய். காய் விண்டுபோவது மூன்று இடங்களில் நடக்கிறது. உயரமான மரத்திலிருந்து இறுகிய தரையில் குலை விழும்போது மட்டைக்குள்ளேயே ஓட்டில் மயிரிழைக் கீறல் விழலாம்; மட்டை தாங்கிக்கொள்வதால் இப்படி ஆவது குறைவுதான், ஆனால் கோடையில் தரை காய்ந்து கிடக்கும்போது கூடும். வண்டியில் ஏற்றி இறக்கும்போது எறிந்து போடுவதால் விள்வது இரண்டாவது. மூன்றாவதுதான் பலரும் எதிர்பாராதது: கடையில் சும்மா இருக்கும் காய் தானாக விண்டுவிடுகிறது. மட்டை இருந்தவரை ஓடு வெயிலையும் காற்றையும் பார்த்ததில்லை. உரித்த உடனே ஓட்டின் வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கத் தொடங்கும். உட்பக்கம் ஈரமாகவே இருக்கும். அந்த இழுபறியில் ஓடு வெடிக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலிலும், வறண்ட காற்று வீசும் நாளிலும், தார்ப்பாய்க்குக் கீழே வெக்கையில் அடைத்து வைத்தாலும் இது வேகமாக நடக்கும்.

விண்ட காயைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. இரண்டு காயை ஒன்றோடொன்று மெல்லத் தட்டினால் நல்ல காய் கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்தது மொத்தென்று கேட்கும். ஓட்டின் மேல் ஒரு கோடுபோல ஈரம் தெரியும். கையில் எடுத்தால் இலேசாக இருக்கும், ஏனென்றால் நீர் கசிந்திருக்கும். விண்ட அன்றே கண்டுபிடித்தால் பருப்பு நன்றாகவே இருக்கும். அன்றைக்கே சமையலுக்கு எடுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம், அல்லது உடைத்து மூடி மூடியாக விற்கலாம். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் பருப்பில் பிசுபிசுப்பு ஏறும். அதற்குப் பிறகு விலை இல்லை. அதனால் தினமும் காலையில் அடுக்கைக் கலைத்து ஒரு முறை தட்டிப் பார்ப்பது கடைக்காரர் தவறாமல் செய்ய வேண்டிய வேலை. விள்வதைக் குறைக்க நிழலும் ஈரச் சாக்கும் போதும். தண்ணீரை ஊற்றி ஊற வைத்தால் குடுமி நனைந்து பூஞ்சை பிடிக்கும். சாக்கு ஈரமாக இருக்க வேண்டும், காய் நனையக் கூடாது.

இனி ஒரு கொள்முதலை முழுவதுமாகப் பார்க்கலாம். பேராவூரணிப் பக்கத்துத் தோப்பில் மட்டையோடு ஆயிரம் காய் வாங்கி, தோப்பிலேயே உரித்து, தஞ்சாவூரில் கோயிலுக்கும் காய்கறிச் சந்தைக்கும் நடுவே உள்ள ஒரு கடையில் எட்டு நாளில் விற்று முடிப்பதாக வைத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. தேங்காய் விலை மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

ஆயிரம் காயின் விலை 18,000 ரூபாய். உரிக்கும் கூலி காய்க்கு ஒரு ரூபாய் வீதம் 1,000. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி 400. பாதிச் சுமையாக ஏற்றிவந்த சிறு வண்டிக்கு வாடகை 1,100. ஆக, கையிலிருந்து போன முதல் 20,500 ரூபாய். உரித்த மட்டையை நார் ஆலைக்காரர் ஒன்றுக்கு 80 பைசா வீதம் எடுத்துக்கொண்டதில் 800 ரூபாய் திரும்பி வந்தது. அதைக் கழித்தால் 19,700 ரூபாய்.

இப்போது காய்கள். உரித்தபோது 22 காய் ஒல்லியும் அழுகலுமாகக் கழிந்தது. அவற்றுக்கு ஒரு காசும் இல்லை. கம்பி பட்டு 13 காய் விண்டது. மிச்சம் 965 காய் வண்டி ஏறியது. இறக்கும்போது 10 விண்டிருந்தது. கடையில் எட்டு நாளில் வெயிலுக்கு இன்னும் 15 விண்டது. 10 காய் கண்வழியே கெட்டது. ஆயிரத்தில் ஒன்றுக்கும் ஆகாதது 32, விண்டது 38, முழுக்காயாக விலைபோனது 930.

விண்ட 38 காயைச் சராசரி 10 ரூபாய்க்குத் தள்ளியதில் 380 ரூபாய் கிடைத்தது. 19,700இலிருந்து அதையும் கழித்தால் 19,320. இந்தத் தொகையை 930 நல்ல காய்களே ஈட்டிக் கொடுக்க வேண்டும். 19,320ஐ 930ஆல் வகுத்தால் 20 ரூபாய் 77 பைசா. இதுதான் ஒரு காயின் அடக்க விலை. தோப்பில் 18 ரூபாயாக இருந்த காய், கடையில் விற்பனைக்கு நிற்கும்போது 20.77 ரூபாய்க் காய் ஆகிவிட்டது. கூட்டிய 2.77இல் கூலியும் வாடகையும் ஒரு பகுதி. கழிவு இன்னொரு பகுதி. கூலியைக் கடைக்காரர்கள் மறப்பதில்லை, ஏனென்றால் அதைக் கையில் எண்ணிக் கொடுக்கிறார்கள். கழிவை யாருக்கும் எண்ணிக் கொடுப்பதில்லை. அதனால்தான் அது கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. செலவைக் கூட்டிக்கொள்பவர்களும் அதை ஆயிரத்தால் வகுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். வகுக்க வேண்டிய எண் ஆயிரம் இல்லை, 930.

விற்ற காசைப் பார்க்கலாம். 930 காயைப் பருமன் பார்த்துப் பிரித்ததில் பெரியது 300, நடுத்தரம் 450, சிறியது 180. பெரியது 28 ரூபாய், நடுத்தரம் 25, சிறியது 20 என்று விற்றதில் முறையே 8,400, 11,250, 3,600 ரூபாய், மொத்தம் 23,250. காய்க்குச் சராசரி சரியாக 25 ரூபாய். அடக்கம் 19,320 போக மிச்சம் 3,930 ரூபாய். காய்க்கு 4 ரூபாய் 23 பைசா. தொடக்கத்தில் மனக்கணக்காகப் போட்ட 7,000 ரூபாயில் 3,070 ரூபாய் வழியிலேயே கரைந்துவிட்டது.

பருமன் பிரித்து விலை வைப்பதை ஒரு வசதியாக மட்டும் பார்க்கக் கூடாது. வாங்கும்போது பெரியதும் சிறியதும் ஒரே விலை. எல்லாவற்றுக்கும் 25 ரூபாய் என்று ஒரே விலை வைத்து விற்றால் என்ன ஆகும்? வருபவர்கள் பெரிய காயாகப் பொறுக்குவார்கள். முதல் மூன்று நாளில் பெரியது தீர்ந்துவிடும். பிறகு வருபவர்களுக்கு நடுத்தரமும் சிறியதும் மட்டும் இருக்கும். கடைசியில் சிறிய காய் விலை குறையாமல் நகராது. பெரிய காயில் 3 ரூபாய் விட்டாகிவிட்டது, சிறிய காயை 20க்கோ அதற்கும் கீழோதான் தள்ள வேண்டியிருக்கும். 300 பெரிய காயில் விட்டது மட்டும் 900 ரூபாய். லாபத்தில் நான்கில் ஒரு பங்குக்குப் பக்கத்தில். அதோடு, சிறிய காய் கடையில் நாள்கணக்கில் தங்குவதால் விள்வதும் கெடுவதும் அதற்கே அதிகம் நேரும்.

ஒரு காய் விண்டால் நட்டம் எவ்வளவு என்று கேட்டால், வாங்கிய விலையான 18 ரூபாய் என்றோ, அடக்கமான 20.77 ரூபாய் என்றோ பதில் வரும். இரண்டும் சரியில்லை. செலவுகள் எல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டன. அந்தக் காய் நன்றாக இருந்திருந்தால் 25 ரூபாய் தந்திருக்கும். இப்போது 10 தான் தரும். நட்டம் 15 ரூபாய். அழுகினால் எதுவும் வராது. நட்டம் முழு 25 ரூபாய். கோயிலுக்கு வாங்கிப்போன காய் உடைத்ததும் அழுகலாக இருந்து, வாங்கியவர் திரும்பிவந்து வேறு காய் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் இரண்டு காய் போய் ஒரு காயின் காசு வந்திருக்கிறது. நட்டம் அதே 25.

இந்த இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் பேரத்தில் எதற்கு வலியுறுத்துவது, எதை விட்டுக்கொடுப்பது என்பது தெளிவாகும். தோப்பில் காய்க்கு 50 பைசா குறைத்து வாங்கினால் ஆயிரத்துக்கு 500 ரூபாய் மிச்சம். அந்த 500 ரூபாயை இழக்கக் கூடுதலாக 20 காய் கெட்டாலோ ஒல்லியாகப் போனாலோ போதும். விண்ட காயானால் 33. அதாவது நூற்றுக்கு இரண்டு ஒல்லிக்காய் கூடுதலாக இருக்கும் குவியலை 50 பைசா மலிவாக வாங்கியவர் ஒன்றும் மிச்சப்படுத்தவில்லை. விலைக்காக ஒரு மணி நேரம் பேசுபவர் காயை உரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்காதது வருத்தத்துக்குரியது.

லாபக்காயின் கணக்கும் இதே வழியில் வரும். ஆயிரத்துக்கு 20 காய் சேர்த்துக் கொடுத்தால், அதிலும் நூற்றுக்கு 93 வீதமே நல்ல காய் தேறும்: பதினெட்டு, பத்தொன்பது காய். உரிப்பும் வண்டியும் அந்த இருபதுக்கும் உண்டு. எல்லாம் போக வியாபாரிக்கு நிற்பது ஏறத்தாழ 440 ரூபாய். தோப்புக்காரருக்கோ 1,020 காய்க்கு 18,000 ரூபாய், அதாவது காய்க்கு 17 ரூபாய் 65 பைசா. மட்டைக்குள் மறைந்திருக்கும் 22 ஒல்லிக்காய்க்கு ஈடாக 20 காய் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மறைந்த கழிவை முழுவதும் வாங்குபவர் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஒல்லியே இல்லாத நல்ல தோப்பிலும் அதே அளவு கேட்பதும், கழிவைவிடப் பல மடங்கு கேட்பதும் ஈடு ஆகாது. அது வேறு பெயரில் நடக்கும் விலைக்குறைப்பு. இரண்டு தரப்புக்கும் நேர்மையான வழி, இருவர் முன்னிலையிலும் நூறு காயை உரித்துப் பார்த்து, அதில் கழிந்த எண்ணிக்கையை வைத்து ஈடு பேசுவது.

மட்டைக்கு வந்த 800 ரூபாயைச் சில்லறை என்று ஒதுக்குவதும் தவறு. இந்தக் கணக்கில் அது லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மட்டை விலை நார், நார்க்கழிவு ஆகியவற்றின் ஏற்றுமதியைப் பொறுத்து ஏறி இறங்கும்; மழைக்காலத்தில் நார் உலர்த்த முடியாமல் ஆலைகள் கொள்முதலைக் குறைப்பதும் உண்டு. பக்கத்தில் நார் ஆலை இல்லாத ஊரில் மட்டையை அடுப்பெரிக்கக் கொடுப்பதைத் தவிர வழியிருக்காது. மட்டை போகாத காலத்தில் அதே காயின் அடக்கம் 21 ரூபாய் 63 பைசாவாக ஏறிவிடும்.

3,930 ரூபாயை நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்வதிலும் குழப்பம் நேர்வதுண்டு. போட்ட முதலான 20,500 மேல் கணக்கிட்டால் நூற்றுக்கு 19. விற்ற காசான 23,250 மேல் கணக்கிட்டால் நூற்றுக்கு 17. மனக்கணக்கில் வந்த 7,000 ரூபாயோ 18,000 மேல் நூற்றுக்கு 39. ஒருவர் முதல் மேலும் இன்னொருவர் விற்பனை மேலும் கணக்கிட்டுவிட்டு யார் லாபம் பெரியது என்று ஒப்பிட்டால் பொருள் இருக்காது. அதோடு இது இன்னும் கடைச்செலவு போகாத லாபம். வாடகை, விளக்கு, ஆள் சம்பளம் எல்லாவற்றிலும் தேங்காயின் பங்காக நாளொன்றுக்கு 200 ரூபாய் வைத்தால், எட்டு நாளில் 1,600 போய் 2,330 ரூபாய்தான் நிற்கும்.

அதனால் எத்தனை நாளில் விற்று முடிகிறது என்பது விலையைப் போலவே முக்கியம். இதே 930 காய் விற்க எட்டு நாளுக்குப் பதில் பன்னிரண்டு நாள் ஆனால், கடைச்செலவு மட்டும் 800 ரூபாய் கூடும். அந்த நான்கு நாளில் வெயிலுக்கு இன்னும் 20 காய் விண்டு, 10 காய் கெட்டால், 300ம் 250மாக மேலும் 550 ரூபாய் போகும். 2,330 ரூபாய் லாபம் 980 ஆகிவிடும். ஆடி மாதம், ஆயுத பூசை, கார்த்திகை தொடங்கி சபரிமலைக்கு இருமுடி கட்டும் நாள்கள் போன்ற நேரத்தில் ஆயிரம் காய் நாலைந்து நாளில் தீரும். அப்போது அடக்கத்துக்கு மேல் 3 ரூபாய் வைத்தாலும் கட்டுப்படியாகும். காய் மெதுவாக நகரும் மாதங்களில் ஆயிரமாக வாங்குவதைவிட ஐந்நூறாக இரண்டு தடவை வாங்குவது நல்லது, வண்டி வாடகை கொஞ்சம் கூடினாலும். முடிந்தால் மட்டையோடு கொண்டுவந்து தேவைக்கேற்ப உரிப்பது இன்னும் நல்லது. மட்டைக்குள் இருக்கும் முற்றிய காய் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். அதற்கு இடமும் உரிக்க ஆளும் வேண்டும்.

உரித்துத் தரம் பார்த்த காயையே வாங்கிவிட்டால் என்ன என்ற கேள்வி இங்கே எழும். பொள்ளாச்சிப் பக்கம் உரித்த காய் எடைக்கும் விலை பேசப்படுகிறது; அங்கே ஒல்லிக்காய் பிரச்சினையே வராது, பதிலாக நீர் வற்றி எடை குறைவதை வாங்குபவர் கவனிக்க வேண்டும். எண்ணிக்கைக்கு வாங்கினால் ஒப்பிடுவது எளிது. மேலே பார்த்த கொள்முதலில் வண்டி ஏறும்வரை ஆன செலவு 18,000 ரூபாயும் உரிப்புக் கூலி 1,000 ரூபாயும். அதில் மட்டைக்கு 800, கம்பி பட்டு விண்ட 13 காய்க்கு 130 கழித்தால் 18,070. அது 965 காய்க்கான விலை. காய்க்கு 18 ரூபாய் 73 பைசா. உரித்த நல்ல காய் அதே தோப்பில் இதற்குக் கீழே கிடைத்தால் உரித்ததை வாங்குவது லாபம். இதற்கு மேலே போனால் மட்டையோடு வாங்கி உரித்துக்கொள்வது லாபம்.

இந்த எல்லை ஒவ்வொரு தோப்புக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் மாறும். உரித்த காய் 19 ரூபாய் 25 பைசா என்று தோப்புக்காரர் சொன்னால், 52 பைசா அதிகம் என்று உடனே மறுத்துவிடத் தோன்றும். ஆனால் முந்தைய ஆண்டு கடும் வறட்சி அடித்து, அந்தத் தோப்பில் ஆயிரத்துக்கு 22 இல்லாமல் 50 காய் கழியும் என்று மாதிரிக் காய்கள் காட்டினால், வண்டி ஏறுவது 937 காய்தான். அதே 18,070 ரூபாயை 937ஆல் வகுத்தால் 19 ரூபாய் 28 பைசா வருகிறது. அந்த ஆண்டில் 19.25க்கு உரித்த காயை வாங்குபவர்தான் மலிவாக வாங்கியவர். ஒல்லிக்காய் எத்தனை வந்தாலும் அது தோப்புக்காரரின் கணக்கில் சேரும்.